எல்லா கார்டிலும் ரிலீஸ் தேதியே இருந்தால்?

கேள்வி: எங்கள் ரிலீஸில் ஒன்பது டீம்கள். யாருக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒரே போர்டில் போட்டுவிட்டோம். நூறு கார்டுக்கு மேல் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஜூன் 30 என்றுதான் தேதி. ஓனர் இடத்தில் டீம் பெயர். போன ரிலீஸிலும் கடைசி வாரத்தில்தான் பிரச்சினை வெளியே வந்தது. இந்தப் போர்டை எப்படிப் பயனுள்ளதாக ஆக்குவது?

பதில்: முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். ஜூன் 30 ரிலீஸ் ஆகும் நாள். கார்டில் இருக்க வேண்டியது, வாங்கும் டீம் அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டிய நாள். அதை வாங்கும் டீம்தான் குறிக்க வேண்டும். கொடுக்கும் டீம், தன்னால் எப்போது தர முடியும் என்பதைப் பக்கத்திலேயே தனியாக எழுதட்டும். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டத்தான் போர்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். மொபைல் ஆப் டீமுக்கு, பேமென்ட் டீமிடமிருந்து ரீஃபண்ட் ஏபிஐ வேண்டும். ஜூன் 30-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆப் ஸ்டோர் ஒப்புதலுக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் ஜூன் 23. முழு டெஸ்டிங்குக்கு இரண்டு வாரம், ஜூன் 9. ஏபிஐயை ஆப்போடு இணைக்க இரண்டு வாரம், மே 26. ஆக, தேவைப்படும் தேதி மே 26. பேமென்ட் டீமோ ஜூன் நடுவில் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். இதோடு முடியவில்லை. ஏபிஐ எழுத அவர்களுக்கு மூன்று வாரம் வேண்டுமென்றால், டேட்டாபேஸ் டீம் தர வேண்டிய புதிய டேபிள் மே 5-க்கே வந்திருக்க வேண்டும். ஜூன் 30 என்று எழுதிய இரண்டு கார்டுகளில் இவ்வளவு ஒளிந்திருக்கிறது.

மே 5 ஏற்கெனவே தாண்டிவிட்டதா? யாரையும் விரட்டாதீர்கள், கார்டை இரண்டாகப் பிரியுங்கள். ஏபிஐ என்ன கேட்கும், என்ன பதில் தரும், எந்தெந்தப் பிழை வரும் என்ற வடிவத்தை முடிவு செய்து, மாதிரிப் பதில்களோடு கொடுப்பது முதல் கார்டு. உண்மையாக ஓடும் ஏபிஐ இரண்டாவது. முதலாவது மே 26-க்கு வந்தால் ஆப் டீம் மாதிரியை வைத்தே வேலையைத் தொடங்கிவிடும். இரண்டாவது ஒரு வாரம் தாமதமானாலும் தாங்கும். ஆனால் ஜூன் 9-ஐத் தாண்டினால் தாங்காது; மாதிரிப் பதிலை வைத்து முழு டெஸ்டிங் செய்ய முடியாது.

ஓனர் இடத்தில் ஆள் பெயர் வேண்டும், கொடுக்கும் பக்கம் ஒருவர், வாங்கும் பக்கம் ஒருவர். கார்டை மூடும் உரிமை வாங்குபவருக்கு மட்டுமே. பொதுவான டெஸ்ட் சூழலில் அவர் ஏபிஐயை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, சரியான பதில் வந்தால்தான் முடிந்தது. "கோட் மெர்ஜ் ஆகிவிட்டது" என்பது கொடுத்ததாகாது.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. டிக்கெட்டுகளிலிருந்து சார்புகளைத் தானாகவே படமாக வரைந்து தருவதாகச் சொல்லி டூல் விற்க வருபவர்களை நம்பி இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். யாரோ ஒருவர் ஏற்கெனவே `blocks` என்று இணைத்து வைத்ததை மட்டும்தான் அந்தப் படம் காட்டும். ரிலீஸைக் கவிழ்ப்பவை யாருமே இணைக்காத சார்புகள். அவை டீம்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும்போதுதான் வெளியே வரும். அதேபோல, டீம்களிடம் நிலவரம் கேட்டு, பச்சை மஞ்சள் சிவப்பு பூசி மேலே அனுப்பும் இடைநிலை ஒருங்கிணைப்பாளர்களிடம் போர்டை விடாதீர்கள். ஓனர் "கொஞ்சம் சந்தேகம்" என்று சொன்னது இரண்டு கை மாறியதும் பச்சையாகிவிடுகிறது. சிவப்பு காட்டியவரையே கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் நிர்வாகம் இருக்கும்வரை இது நடந்துகொண்டேதான் இருக்கும். இதைப் பல இடங்களில் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: வெளி நிறுவனம். பேமென்ட் கேட்வே நிறுவனம் உங்கள் போர்டைப் பார்க்காது, உங்கள் கூட்டத்துக்கும் வராது. அவர்கள் பெயரை ஓனர் என்று எழுதினால் அந்தக் கார்டுக்கு ஆளே இல்லை. உங்கள் பக்கத்து ஆள் ஒருவரே கொடுப்பவராகவும் நிற்க வேண்டும். அவர் போடும் தேதிக்கு அந்த நிறுவனம் எழுத்தில் தந்த உறுதி இருக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னது போதாது. டெஸ்ட் அக்கவுண்ட் ஒரு கார்டு, நிஜப் பரிவர்த்தனைக்கான அனுமதி வேறொரு கார்டு. முதலாவது சீக்கிரம் வந்துவிட்டதென்று இரண்டாவதை மறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த அனுமதிக்கு ஆவணச் சரிபார்ப்பு தேவைப்படலாம், அதை உங்கள் அவசரத்தால் முடுக்க முடியாது. தேதி தவறினால் அந்த வசதியை அணைத்து வைத்து ரிலீஸ் செய்ய முடியுமா என்பதையும் அதே கார்டில் எழுதிவையுங்கள்.

நூறு கார்டு அதிகம். தாமதமானால் இன்னொரு டீமின் தேதி நகருமா என்று ஒவ்வொன்றிலும் கேளுங்கள், நகராதென்றால் எடுத்துவிடுங்கள். வாரக் கூட்டத்தில், தருவதாகச் சொன்ன தேதி தேவைப்படும் தேதியைத் தாண்டிய கார்டுகளை மட்டும், அந்த இரண்டு ஓனர்களோடு பேசுங்கள். மற்றவர்கள் வர வேண்டியதில்லை.