அக்கவுண்ட் அசிஸ்டண்ட் விளம்பரத்துல டிகிரி போட்டு நாங்க பட்ட பாடு

கேள்வி: பட்டர்வொர்த் பக்கம் சின்ன கம்பெனி, அக்கவுண்ட் அசிஸ்டண்ட் தேடுறோம். பாஸ் டிகிரி, 3 வருஷ அனுபவம் எல்லாம் போடச் சொல்றாரு. வர்றவங்க யாரும் செட்டாகல, செட்டாகுற மாதிரி ஆளுங்க அப்ளையே பண்ணல. வேலை விளம்பரத்த எப்படி எழுதுறது?

இதே கூத்து எங்க ஆபிஸ்ல 2025 செப்டம்பர்ல நடந்துச்சு. பிறையில ஹார்ட்வேர் சாமான் சப்ளை பண்ற கம்பெனி, மொத்தம் 22 பேரு, எச்ஆர், அட்மின், ஏர்கண்ட் ஒழுகுனா ஆளக் கூப்புடுறது எல்லாம் நான்தான். பதினோரு வருஷமா கணக்கு பாத்த அக்கா, மகளோட இருக்கப் போறேன்னு சுங்கை பட்டாணிக்குக் கிளம்ப ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்துட்டாங்க. பாஸ் எங்கேயோ பாத்த ஒரு விளம்பரத்த எனக்கு அனுப்பி, இதுல கம்பெனி பேர மட்டும் மாத்திப் போடுன்னாரு, நானும் போட்டேன், தப்பு என் பேர்லயும் இருக்கு.

அதுல என்னென்ன இருந்துச்சுன்னா, பதவி பேரு அக்கவுண்ட் எக்செகியூடிவ், அக்கவுண்டிங் டிகிரி, குறஞ்சது 3 வருஷ அனுபவம், மேண்டரின் பேசணும், சொந்த வண்டி வேணும், பிரஷர்ல வேலை செய்யணும், சம்பளம் பேசிக்கலாம். அதோட பாஸ் தன் பங்குக்கு ஒண்ணு சேர்த்தாரு, இ-இன்வாய்ஸ்ல 2 வருஷ அனுபவம்னு. இ-இன்வாய்ஸே 2024 ஆகஸ்ட் 1-ல தான் ஆரம்பிச்சுச்சு, அதுவும் வருஷத்துக்கு 100 மில்லியனுக்கு மேல வியாபாரம் பண்ற பெரிய கம்பெனிங்களுக்கு மட்டும். 5-லேர்ந்து 25 மில்லியன் வரைக்கும் உள்ள எங்கள மாதிரி ஆளுங்களுக்கு 2025 ஜூலை 1-ல தான் வந்துச்சு. செப்டம்பர்ல ரெண்டு வருஷ அனுபவம் கேட்டா அப்படி ஒரு ஆளு மலேசியாவுலயே இல்ல. நான் இத சொன்னதும் பாஸ் சிரிச்சிட்டு அந்த வரிய எடுத்தாரு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்னுட்டாரு.

ஒரு தம்பி சேர்ந்தான். டிகிரி, நல்ல மார்க், பாயான் லெப்பாஸ்ல இன்டர்ன்ஷிப் பண்ணவன். மூணாவது வாரம் என் மேசைக்கிட்ட வந்து நின்னான். "அக்கா, எக்செகியூடிவ்னு போட்டிருந்தீங்க, நான் ரிப்போர்ட் செய்வேன்னு நெனச்சேன், தெனம் டெலிவரி ஆர்டர், அந்த டிஓ-வ இன்வாய்ஸோட சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சிக்கிட்டு இருக்கேன்"னான். அவன் மேல எனக்குக் கோவமே வரல. நாங்க போட்டது ஒரு வேலை, குடுத்தது வேற வேலை. மாசக் கடைசியில அவனும் போயிட்டான்.

அதுக்கப்புறம் தான் செய்ய வேண்டியத செஞ்சேன். ஒரு நோட்டுப் புத்தகத்த எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் அந்த அக்கா பக்கத்துலயே உக்காந்தேன். என்ன செய்றீங்கன்னு கேக்கல, கேட்டா எல்லாரும் "கணக்கு பாப்பேன்"னு தான் சொல்வாங்க, அதனால கை என்ன செய்யுதோ அத மட்டும் எழுதுனேன். பாதி நேரம் சப்ளையர் பில்லு. பர்ச்சேஸ் ஆர்டர், டிஓ, இன்வாய்ஸ் மூணையும் பக்கத்துல வெச்சு அளவும் வெலையும் ஒண்ணா இருக்கான்னு பாத்து சிஸ்டத்துல கீ-இன் பண்றது. அப்புறம் பேங்க் ஸ்டேட்மெண்ட ஒப்புப் பாக்குறது, பெட்டி கேஷ், பணம் கட்டாத கஸ்டமருக்கு போன் போடுறது, மாசக் கடைசியில ஈபிஎஃப், சொக்சோ. ஃபைனல் அக்கவுண்ட், டேக்ஸ் எல்லாம் வெளிய இருக்குற ஆடிட்டர் பாத்துக்குறாரு, நம்ம பக்கத்துலேர்ந்து ஃபைல் போனா சரி. டிகிரி தேவப்படுற ஒரு வேலையும் அந்த ரெண்டு நாள்ல என் கண்ணுல படல. அக்காவே எஸ்பிஎம் முடிச்சு எல்சிசிஐ பண்ணவங்க தான், எங்க விளம்பரத்துக்கு அவங்க அப்ளை பண்ணியிருந்தா நானே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.

அந்த நோட்ட வெச்சு பாஸ் கூட உக்காந்தேன். ஒவ்வொரு தகுதிக்கும் ஒரே கேள்வி தான், இது இல்லாத ஆளு வந்தா முதல் மாசம் எந்த வேலை நிக்கும், அத நாம எத்தன நாள்ல கத்துக் குடுக்கலாம். எங்க சாஃப்ட்வேர் தெரியணும்னு போட்டிருந்தோம். வேற எதாவது அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் ஓட்டுன ஆளுக்கு இத காட்டிக் குடுக்க நாலஞ்சு நாள் போதும், எடுத்தாச்சு. டெபிட் கிரெடிட் எது எந்தப் பக்கம் போகும்ங்கிறத நாலு நாள்ல ஏத்த முடியாது, அது இருக்கட்டும். சொந்த வண்டி ஏன்னு கேட்டா பேங்க்குக்குப் போகன்னாரு, நாங்க செக்கு போடுறதே வாரத்துக்கு ஒரு தடவ தான், அதுக்கு டிரைவர் இருக்காரு. ஆபிஸுக்கு எப்படி வந்து சேர்றாங்கங்கிறது அவங்க பாடு, எடம் எங்கன்னு தெளிவா எழுதுனா வர முடியுமா முடியாதான்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க.

மேண்டரின் விஷயத்துக்குத் தான் நேரம் ஆச்சு. நம்ம ஆளுங்க அந்த வரியப் பாத்ததும் விளம்பரத்தயே மூடிடுவாங்க, நானும் வேலை தேடுன காலத்துல அப்படி எத்தனையோ மூடியிருக்கேன். அதுக்காக அத கேக்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், சீனாவுல இருக்குற சப்ளையரோட தெனம் பேசுற வேலைன்னா கேட்டுத் தான் ஆகணும், கேக்குற காரணத்தையும் அங்கயே எழுதிடணும். எங்க கேஸ்ல சப்ளையர் லிஸ்ட்ட எடுத்து ஒண்ணொண்ணா பாத்தோம். 30-க்கு மேல சப்ளையர், அதுல ரெண்டே பேரு தான் மேண்டரின்ல பேசுவாங்க, அந்த ரெண்டு தவுக்கேயும் நேரா பாஸுக்குத் தான் போன் அடிப்பாங்க. மத்தவங்களுக்கு மலாயும் கொஞ்சம் இங்கிலீஷும் போதும். பாஸ் கொஞ்ச நேரம் லிஸ்ட்டயே பாத்துட்டு சரி எடுத்துடுன்னாரு.

டிகிரிய மட்டும் விட மனசு வரல அவருக்கு. டிகிரின்னா கவனமா இருப்பாங்கல்லன்னாரு. இங்க தான் நெறைய பேரு சறுக்குறாங்கன்னு நெனக்கிறேன், வேண்டியது கவனம், கேக்குறது சர்டிஃபிகேட். கவனம் வேணும்னா கவனத்தயே சோதிச்சுப் பாக்கலாமே. அதனால அக்காவ வெச்சு ஒரு சின்ன டெஸ்ட் செஞ்சோம், அரை மணி நேரம், ஒரு சப்ளையர் ஸ்டேட்மெண்ட், எங்க லெட்ஜர் பிரிண்ட், கூட ஒரு கட்டு பில்லு. ஸ்டேட்மெண்ட்ல நாங்க குடுக்க வேண்டியது 18,460 வெள்ளி. எங்க லெட்ஜர்ல 17,185. வித்தியாசம் 1,275, ஏன்னு கண்டுபிடிக்கணும். உள்ள மூணு காரணத்த ஒளிச்சு வெச்சிருந்தோம். 860 வெள்ளி இன்வாய்ஸ் ஒண்ண நாங்க கீ-இன் பண்ணவே இல்ல. திருப்பி அனுப்புன சாமானுக்கு 325-க்கு கிரெடிட் நோட் எங்க புக்குல ஏறியிருக்கு, சப்ளையர் ஸ்டேட்மெண்ட்ல இன்னும் வரல. இந்த ரெண்டையும் நெறைய பேரு புடிச்சிடுவாங்க, மிச்சம் 90 வெள்ளி நிக்கும். அந்த 90 தான் ஆள காட்டிக் குடுக்கும். 540-ன்னு இருந்த பில்ல நாங்க 450-ன்னு அடிச்சிருக்கோம். வித்தியாசம் 9-ஆல வகுபட்டா நம்பர் எடம் மாறியிருக்கான்னு பாருன்னு பழைய கிளார்க்குங்க சொல்வாங்க, அனுபவம் உள்ளவங்க கை நேரா அங்க போகும், இல்லாதவங்க கூட பொறுமையா வரி வரியா டிக் அடிச்சா புடிச்சிடலாம். டிகிரி வெச்சிருந்த ரெண்டு பேரு "90 சின்ன அமவுண்ட், ரவுண்டிங்கா இருக்கும்"னு எழுதி வெச்சுட்டுப் போனாங்க. டெஸ்ட் இருக்குங்கிறதயும் விளம்பரத்துலயே சொல்லிடுங்க, இல்லன்னா இன்டர்வியூ நாள்ல ஆளுங்க மெரண்டு போயிடுவாங்க.

மறுபடி போட்ட விளம்பரம் இங்கிலீஷ்லயும் மலாய்லயும் இருந்துச்சு, தமிழ்ல சொன்னா கிட்டத்தட்ட இப்படி:

"அக்கவுண்ட் அசிஸ்டண்ட், பிறை. தினமும் சப்ளையர் பில்லுகள பர்ச்சேஸ் ஆர்டர், டிஓ-வோட ஒப்புப் பாத்து சிஸ்டத்துல ஏத்தணும், வேலையில பாதி இதான். மாசம் ஒரு தடவ பேங்க் கணக்கும் சப்ளையர் கணக்கும் சரிபார்க்கணும். ஒரு வருஷமாவது இந்த மாதிரி பில்லு வேலை பாத்திருக்கணும், எங்க பாத்திருந்தாலும் பரவாயில்ல. டெபிட் கிரெடிட் தெரியணும். எஸ்பிஎம், எல்சிசிஐ, டிப்ளோமா, டிகிரி எதுவும் சரி. எங்க சாஃப்ட்வேரும் இ-இன்வாய்ஸும் நாங்க கத்துக் குடுப்போம். சம்பளம் 2,300 முதல் 2,700 வெள்ளி. திங்கள் முதல் வெள்ளி, மாசத்துல ரெண்டு சனிக்கிழம அரை நாள். இன்டர்வியூவுல அரை மணி நேரம் ஒரு பயிற்சி இருக்கும்."

பதவி பேர எக்செகியூடிவ்லேர்ந்து அசிஸ்டண்டுக்கு எறக்குனது தான் எனக்குத் தெரிஞ்சு பெரிய மாற்றம், ஏன்னா ஆளுங்க வேலை தேடும்போது பேர டைப் பண்ணித் தான் தேடுறாங்க, கிளார்க் வேலை பாத்தவங்க எக்செகியூடிவ்னு தேடவே மாட்டாங்க. சம்பளத்த போட்டதுக்கு பாஸ் கொஞ்சம் மொனகுனாரு, பக்கத்து கம்பெனிக்காரன் பாத்துடுவானாம். பாக்கட்டுமே. 3,500 எதிர்பாக்குறவங்க அப்ளை பண்றதில்ல, எனக்கும் அவங்களுக்கும் ஒரு மத்தியானம் மிச்சம். அப்ளிகேஷன் எண்ணிக்க மொத தடவய விட கொறஞ்சு தான் வந்துச்சு, ஆனா கூப்ட்டவங்கள்ல முக்காவாசி பேரு வேலைய தெரிஞ்சுக்கிட்டு வந்தாங்க.

ஒண்ண மட்டும் கவனிங்க, எல்லா வேலைக்கும் தகுதிய இப்படி கழட்ட முடியாது. சார்ஜ்மேன் வேணும்னா சுருஹாஞ்சாயா தெனாகா குடுத்த சர்டிஃபிகேட் இருந்தே ஆகணும், கம்பெனி செக்ரட்டரிக்கு லைசென்ஸோ, அங்கீகாரம் உள்ள தொழில் அமைப்புல மெம்பர்ஷிப்போ இருந்தே ஆகணும், அதெல்லாம் சட்டம் கேக்குறது, நம்ம இஷ்டம் இல்ல.

எடுத்த ஆளு புக்கிட் மெர்தாஜாம் தங்கச்சி ஒருத்தி, எஸ்பிஎம்மும் எல்சிசிஐயும், அரிசி மொத்த வியாபாரக் கடையில ரெண்டு வருஷம் பில்லு பாத்தவ. அந்த 90 வெள்ளிய இருபதாவது நிமிஷத்துல புடிச்சுட்டா. ஆனா ரெண்டாவது மாசம் தான் தெரிஞ்சுது, கடன் வசூலுக்கு போன் போடச் சொன்னா மூஞ்சி வெளுத்துடுது அவளுக்கு. அது என் தப்பு தான், நோட்டுல வாரத்துக்கு ரெண்டு மத்தியானம் அந்த வேலைன்னு எழுதியிருக்கேன், விளம்பரத்துல ஏத்த மறந்துட்டேன், டெஸ்ட்லயும் அத பாக்கல. இப்போதைக்கு போன் நான் போடுறேன், அவ பக்கத்துல உக்காந்து யார் எவ்ளோ பாக்கின்னு எடுத்துக் குடுக்குறா, போன வாரம் மொத தடவயா அவளே ஒரு தவுக்கேக்கு அடிச்சு 1,200 வெள்ளிக்கு செக்கு எழுத வெச்சிருக்கா.