கம்ப்ரசர் காற்று எவ்வளவு சூடாகும், மோட்டார் எவ்வளவு வேலை செய்கிறது?

கேள்வி: எங்கள் பட்டறையில் 5 எச்.பி. ஒற்றை நிலை பிஸ்டன் கம்ப்ரசர் இருக்கிறது. நிமிடத்துக்கு 450 லிட்டர் வெளிக்காற்றை இழுத்து, டேங்கில் 7 பார் வரை ஏற்றுகிறது. பட்டறைக்குள் 35 டிகிரி. γ = 1.4 என்று வைத்துக் கணக்குப் போட்டால் வெளிவரும் காற்று 61 டிகிரிதான் வருகிறது. ஆனால் டெலிவரி பைப்பில் கையே வைக்க முடியவில்லை. இன்ஃப்ராரெட் கன் 110 காட்டுகிறது. வேலைக்கும் இரண்டு சூத்திரங்கள் பார்த்தேன். ஒன்றைவிட மற்றொன்று 40 சதவீதம் கூடுதலாக வருகிறது. எது சரி?

பதில்: உங்கள் 61 எப்படி வந்தது என்பது பார்த்ததுமே தெரிகிறது. 35-ஐ அப்படியே எடுத்து, 7-இன் 0.286 அடுக்கான 1.74-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். சூத்திரம் சரி, உள்ளே போட்ட இரண்டு எண்களும் தவறு. இதில் வம்பு என்னவென்றால், 61 என்பது நம்பும்படியான எண். 6,000 என்று வந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

இந்தச் சூத்திரம் தனி வெப்பநிலையையும் தனி அழுத்தத்தையும் மட்டுமே ஏற்கும். அதனால் 35 டிகிரியோடு 273-ஐக் கூட்டி 308 கெல்வின் என்று வையுங்கள். டேங்கின் கேஜ் காட்டும் 7 பார், வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம். வெளிக்காற்றே ஏறத்தாழ 1 பார் என்பதால் உள்ளே இருப்பது 8 பார். ஆக, அழுத்த விகிதம் 7 அல்ல, 8.

```
T2 = T1 × (P2/P1)^((γ−1)/γ)
   = 308 × 8^(0.4/1.4)
   = 308 × 1.811 = 558 K
```

அதாவது 285 டிகிரி செல்சியஸ். கால்குலேட்டரில் 0.4/1.4 என்பதை அடைப்புக்குள் போட மறந்தால், முதலில் 8-இன் 0.4 அடுக்கைக் கண்டு பிறகு 1.4-ஆல் வகுத்துவிடும்; 232 டிகிரி வரும். அதுவும் நம்பும்படியான எண்தான், கவனம்.

இனி வேலை. γ என்பது காற்றின் இரண்டு வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம். ஒரு கிலோ காற்றை அழுத்தம் மாறாமல் ஒரு டிகிரி சூடாக்க 1.005 கிலோ ஜூல் வேண்டும் (cp). பருமன் மாறாமல் சூடாக்க 0.718 போதும் (cv). முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.4. உங்களைக் குழப்பிய 40 சதவீதம் இதுதான். ஒரு சூத்திரம் cv-ஐக் கொண்டு எழுதியது, மற்றது cp-ஐக் கொண்டு எழுதியது. இரண்டுமே சரி, ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் சொல்லவில்லை.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துவதாக நினையுங்கள். காற்று எங்கும் போகவில்லை, சுருங்க மட்டும் செய்கிறது. வெப்பம் வெளியேறவும் நேரமில்லை. கொடுத்த வேலை முழுவதும் காற்றின் உள்ளாற்றலாகிறது. 35-இலிருந்து 285 வரை 250 டிகிரி ஏற்றம், ஆகவே கிலோவுக்கு 0.718 × 250 = சுமார் 180 கிலோ ஜூல். மூடிய சிலிண்டருக்கு இதுவே விடை.

உங்கள் கம்ப்ரசர் அங்கே நிற்பதில்லை. பிஸ்டன் மேலேறும்போது காற்று சுருங்கிச் சுருங்கி, பருமன் கிட்டத்தட்ட 4.4-இல் ஒரு பங்கானதும் உள்ளழுத்தம் 8 பாரைத் தொடுகிறது. (8-இல் ஒரு பங்கு ஆகும்வரை போக வேண்டியதில்லை, சூடும் சேர்ந்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது.) அப்போதுதான் டெலிவரி வால்வு திறக்கும். பிஸ்டன் தன் பாதையில் முக்கால் பங்குக்கு மேல் கடந்தாயிற்று. மிச்சப் பாதை முழுவதும் அந்தச் சூடான காற்றை 8 பாருக்கு எதிராக டேங்குக்குள் தள்ள வேண்டும். இது தனி வேலை. உறிஞ்சும்போது வெளிக்காற்று பிஸ்டனுக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது, அதைக் கழித்துக்கொள்ளலாம். cp-இலிருந்து cv-ஐக் கழித்தால் 0.287; நிகரமாகக் கூடுவது கிலோவுக்கு 0.287 × 250 = 72 கிலோ ஜூல். 180-உடன் இதைச் சேர்த்தால் சுமார் 251. நேராக cp-ஐ வைத்து 1.005 × 250 என்று போட்டாலும் அதே 251.

ஆகவே கம்ப்ரசருக்கு cp சூத்திரத்தைத்தான் எடுக்க வேண்டும். இதை மோட்டாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1 பார், 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.13 கிலோ எடை. நிமிடத்துக்கு 450 லிட்டர் என்றால் விநாடிக்கு 0.0085 கிலோ. அதை 251-ஆல் பெருக்கினால் 2.13 கிலோவாட். உங்கள் மோட்டார் 3.7 கிலோவாட். இடைவெளியில் ஒரு பகுதி பெல்ட், பிஸ்டன் ரிங் உராய்வு, வால்வுகளில் விழும் அழுத்தம் ஆகியவற்றுக்குப் போகிறது. மீதி மோட்டாருக்கு விட்டுவைத்த கையிருப்பு. ஆனால் அந்த 450 உண்மையில் டேங்குக்குப் போகும் காற்றுதானா என்று பாருங்கள். பெயர்ப்பலகையில் பெரும்பாலும் பிஸ்டன் இடம்பெயர்க்கும் பருமனையே போடுவார்கள். கிடைக்கும் காற்று அதைவிடக் குறைவு.

285 என்று கணக்குச் சொல்ல, கன் ஏன் 110 காட்டுகிறது? γ-வைக் குறை சொல்லாதீர்கள். சூடேற ஏற அது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், சராசரியாக 1.39 போட்டாலும் விடை 6 டிகிரிதான் இறங்கும். பெரிய காரணங்கள் வேறு இரண்டு.

ஒன்று, உங்கள் சிலிண்டர் வெப்பத்தை அடைத்து வைப்பதில்லை. மேலே உள்ள துடுப்புகளும் ஃப்ளைவீல் வீசும் காற்றும் அதற்காகத்தான் இருக்கின்றன. அடுக்கில் 1.4-க்குப் பதில் 1.3 போட்டுப் பாருங்கள், 225 டிகிரி வரும். உண்மை நிலைக்கு இது பக்கத்தில் இருக்கும். 285 என்பது குளிர்விப்பே இல்லாவிட்டால் வரக்கூடியது.

இரண்டு, உங்கள் கன். பளபளக்கும் செம்புப் பைப்பைக் குறிவைத்தால் அது பைப்பின் சூட்டைச் சரியாகப் படிக்காது. பளபளப்பான உலோகம் கதிர்வீச்சை மிகக் குறைவாகவே விடும். பக்கத்துச் சுவரின் பிரதிபலிப்பைத்தான் பாதி படிக்கும். ஹெட்டிலிருந்து பைப் புறப்படும் இடத்தில், மெஷின் ஆறியிருக்கும்போது, சைலன்சருக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்டை இரண்டு அங்குலத்துக்கு அடியுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம், உருகிவிடும். காய்ந்ததும் 15 நிமிடம் ஓட்டி அந்தக் கறுப்பின்மேல் குறிவையுங்கள். எண் நன்றாக ஏறியிருக்கும். அதுவும் பைப்பின் வெளிச்சுவர்தான்; உள்ளே காற்று இன்னும் சூடு.

அந்த எண்ணை, அன்றைய அறை வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். கம்ப்ரசர் உள்ளிழுக்கும் காற்று ஒரு டிகிரி கூடினால் கணக்குப்படி வெளியே 1.8 டிகிரி கூடும். 50 டிகிரிக் காற்றை உறிஞ்சினால் 285 என்பது 312 ஆகிவிடும். ஃபில்டரை மோட்டாரின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பது இதனால்தான். அறைச்சூடும் அழுத்தமும் மாறாமல், சில வாரங்களில் எண் 20, 30 டிகிரி ஏறியிருந்தால் டெலிவரி வால்வு கசிகிறதா என்று சந்தேகப்படுங்கள். கசிந்தால் ஏற்கெனவே சூடான காற்று சிலிண்டருக்குத் திரும்பி வந்து மறுபடி அழுத்தப்படும். T1 308 என்ற அனுமானமே அங்கே உடைந்துவிடும். ஹெட்டைக் கழற்றினால் வால்வுத் தகட்டில் எண்ணெய் கருகிய கரி ஒட்டியிருக்கும்.