தாய்மாமன் மடியும் நாற்பத்தைந்து நாள் விடுப்பும்

கேள்வி: ஐயா, ஷார்ஜாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். வருகிற செப்டம்பர் 13 அன்று அக்கா மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருக்கிறார்கள். நான் ஒரே தாய்மாமன். ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 30 வரை விடுப்பு வேண்டும், காரணம் குடும்ப விழா என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "அக்கா பிள்ளைக்குக் காது குத்த நாற்பத்தைந்து நாளா?" என்று மேலாளர் திருப்பிவிட்டார். செப்டம்பர் கடைசியில் எங்களுக்குச் சரக்குக் கணக்கெடுப்பும் உண்டு. நான் கடைசியாக ஊரிலிருந்து திரும்பி ஆகஸ்டோடு பதினான்கு மாதம் ஆகிறது. "அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று எழுது" என்கிறார் ஓர் அறை நண்பர். "முப்பது நாள் வாங்கிக்கொண்டு போ, மீதியை ஊரிலிருந்து நீட்டிக்கொள்" என்கிறார் இன்னொருவர். எப்படி எழுதினால் கிடைக்கும்?
— பெயர் வேண்டாம், ஷார்ஜா

பதில்: தம்பி, உங்கள் மேலாளர் காதுகுத்தைச் சொல்லித் திருப்பினாலும், அவரை உறுத்தியது செப்டம்பர் 30 என்ற தேதியாகத்தான் இருக்கும். கிடங்கில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரிந்த ஆள், கணக்கெடுப்பு முடிந்த மறுநாள் வந்து நிற்கிறேன் என்றால் எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? பணியாளர் பிரிவில் நான் இருந்த காலத்தில் இப்படித் திரும்பிய விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் சரியில்லாமல் திரும்பியவற்றைவிடத் தேதி சரியில்லாமல் திரும்பியவையே அதிகம்.

ஆகவே முதலில் தேதியை நகர்த்துங்கள். ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 23 வரை என்று கேளுங்கள். அதுவும் நாற்பத்தைந்து நாள்தான். செப்டம்பர் 24 காலையில் கிடங்கில் இருப்பீர்கள், கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னதாகவே. விழாவுக்குப் பிறகும் பத்து நாள் கையில் இருக்கும். ஊருக்குப் போய் இறங்கும்போது ஆடி முடிந்திருக்காது என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். இருக்கட்டும், ஆடித் தள்ளுபடியிலேயே சீர்த் துணி எடுத்துவிடலாம்.

அடுத்தது, நாற்பத்தைந்தில் உங்களுக்கு உரிமையானது எவ்வளவு, நிறுவனத்தின் தயவில் கிடைப்பது எவ்வளவு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. ஓர் ஆண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு முப்பது நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்கிறது அது. மாதத்துக்கு இரண்டரை நாள். பதினான்கு மாதத்துக்கு முப்பத்தைந்து நாள் ஆகிறது. இடையில் துண்டு துண்டாக எடுத்திருந்தால் குறையும். அதனால் மனிதவளப் பிரிவில் உங்கள் கையிருப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடையில் வரும் வார விடுமுறைகளும் பொது விடுமுறைகளும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, இந்த முப்பத்தைந்துக்குள்ளேயே அடங்கும்.

விடுப்பு உங்கள் உரிமை, ஆனால் அது எந்தத் தேதியில் என்பது உரிமை இல்லை. வேலையின் தேவையைப் பார்த்து, உங்களோடு பேசி, தேதியை வைக்க நிறுவனத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தத் தேதியைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்களுக்குள்ள கட்டுப்பாடு. மீதிப் பத்து நாளோ முழுக்க அவர்கள் மனம் வைத்தால் கிடைக்கும் சம்பளமில்லா விடுப்பு. அந்தப் பத்து நாளுக்குச் சம்பளம் போவதோடு, அவை உங்கள் பணிக்காலத்திலும் சேராது. முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பணிக்கொடை ஆண்டுக்கு இருபத்தொரு நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் பார்த்தால், பத்து நாள் விட்டுப்போவதால் அதில் நட்டம் அரை நாள் சம்பளத்துக்குச் சற்று மேல். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இனி கடிதம். உங்கள் மேலாளருக்கு நம் ஊர் முறை தெரிந்திருக்க நியாயமில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்கு முதல் மொட்டை, அதே மடியில்தான் ஆசாரி காது குத்துவார், மாமன் சீர்த்தட்டு வராமல் பந்தலில் எதுவும் தொடங்காது என்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். கிடா வெட்டு, செய்முறை, பங்காளிகள் இதெல்லாம் கடிதத்தில் வேண்டாம். நாற்பத்தைந்து நாளும் காதுகுத்துக்கே என்று காட்டவும் வேண்டாம், யாரும் நம்ப மாட்டார்கள். பதினான்கு மாதம் கழித்துப் போகிறவன் வீட்டையும் பெற்றோரையும் பார்த்துவிட்டு வருவான் என்பது எந்த நாட்டு மேலாளருக்கும் புரியும். இந்த வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

பொருள்: ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 23 வரை விடுப்பு வேண்டி (35 நாள் ஆண்டு விடுப்பு, 10 நாள் சம்பளமில்லா விடுப்பு).

ஐயா, நான் முன்பு கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலாக இதைத் தருகிறேன். செப்டம்பர் 13 அன்று என் அக்கா மகனுக்கு எங்கள் குடும்பக் கோயிலில் முடியெடுத்துக் காது குத்தும் சடங்கு நடக்கிறது. எங்கள் வழக்கப்படி, தாயின் உடன்பிறந்தவன் மடியில் குழந்தையை வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். அந்த இடத்தில் இருப்பவன் நான் ஒருவனே. இதையொட்டி என் ஆண்டு விடுப்பையும் சேர்த்து எடுத்து, குடும்பத்தோடு இருந்துவிட்டுத் திரும்ப விரும்புகிறேன்.

ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 13 வரை 35 நாளை என் கையிருப்பிலிருந்து கழித்துக்கொள்ளவும். செப்டம்பர் 14 முதல் 23 வரை 10 நாளைச் சம்பளமில்லா விடுப்பாக அனுமதிக்கவும். செப்டம்பர் 24 காலை பணியில் இருப்பேன். மாத இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பில் வழக்கம்போல் பங்கேற்பேன்.

நான் இல்லாத நாட்களில் என் பணியைப் பார்த்துக்கொள்ள என் உடன் பணியாற்றுபவர் சம்மதித்திருக்கிறார். அவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார். ஆகஸ்ட் 3 முதல் 7 வரை சரக்கு வரவுப் பதிவு, டெலிவரி நோட்டுகள், கிடங்குச் சாவிகள் ஆகியவற்றை அவரிடம் ஒப்படைப்பேன். ஊரில் என் தொலைபேசி எண்ணும் முகவரியும் இணைத்திருக்கிறேன்.

அவ்வளவுதான், ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இதில் மேலாளர் முதலில் தேடுவது உடன் பணியாற்றும் நண்பரின் கையெழுத்தைத்தான். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றே. அந்த நண்பரிடம் முன்கூட்டியே பேசி, அவர் ஊருக்குப் போகும்போது நீங்கள் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொள்ளுங்கள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வராமல், நேரில் கொடுத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். நாற்பத்தைந்துக்கு முடியவே முடியாது என்றால் ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 23 வரை, கையிருப்பு முப்பத்தைந்து நாள் மட்டும் போதும் என்று சொல்ல மனத்தில் தயாராக இருங்கள். அதைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் அதைத்தான் கொடுப்பார்கள்.

நண்பர்களின் யோசனைக்கு வருகிறேன். அம்மாவைப் படுக்கையில் போடுவது முதலில் கேட்கவே நன்றாக இல்லை. மருத்துவமனைச் சான்று கேட்டால் எங்கே போவீர்கள்? திரும்பி வந்த பிறகு விழாப் படங்கள் யாருடைய போனிலாவது வந்து நிற்கும். நாளைக்கு உண்மையிலேயே ஊரிலிருந்து அவசர அழைப்பு வந்தால், உங்கள் பேச்சை நம்ப அலுவலகத்தில் ஆள் இருக்காது.

இரண்டாவது யோசனைதான் ஆபத்தானது, ஏனென்றால் பலரும் அப்படிச் செய்து தப்பித்திருக்கிறார்கள். அனுமதித்த நாள் முடிந்தும் தக்க காரணமில்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால், முன்னறிவிப்பு இல்லாமலே வேலையிலிருந்து நீக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஊரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, மேலாளர் அதைப் பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் குறி வந்தால் அது அனுமதி ஆகிவிடாது. நீட்டிக்க வேண்டிய நிலை உண்மையிலேயே வந்தால், விடுப்பு முடியும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, "சரி" என்ற பதில் வந்த பிறகுதான் டிக்கெட்டை மாற்ற வேண்டும். விமானம் ரத்தானது போன்ற சங்கதி என்றால் அன்றே விமான நிறுவனத்தின் அறிவிப்போடு எழுதிவிடுங்கள். இதற்காகவே திரும்பும் டிக்கெட்டைச் செப்டம்பர் 23-க்குப் போடாமல் 21-க்குப் போடச் சொல்கிறேன்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால்தான் குடியிருப்பு விசா செல்லாமல் போகும். நாற்பத்தைந்து நாள் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விசாவோ பாஸ்போர்ட்டோ நீங்கள் ஊரில் இருக்கும்போதே காலாவதியாகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அங்கே நேரில் மருத்துவப் பரிசோதனையும் கைரேகையும் தேவைப்படும் விசாப் புதுப்பிப்பை ஊரில் உட்கார்ந்துகொண்டு முடிக்க முடியாது. அப்படி இருந்தால் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து, புறப்படும் முன் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அலுவலகப் பெட்டியில் இருந்தால் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊழியரின் பாஸ்போர்ட்டை நிறுவனம் பிடித்துவைக்க அந்த நாட்டிலும் அனுமதி இல்லை.

டிக்கெட் எடுப்பதும் அழைப்பிதழ் அச்சடிப்பதும் அனுமதி கையெழுத்தாகி வந்த பிறகுதான். இதை மச்சானிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஜோசியரிடம் அதே ஆவணிக்குள் இன்னொரு முகூர்த்தமும் குறித்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் அக்காவிடம் பேசுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.