வரவேற்புச் செய்தி எழுதும் முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள்

கேள்வி: துரைப்பாக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். டீமில் 9 பேர். வரும் திங்கட்கிழமை ஒரு பெண்மணி டெஸ்டராகச் சேருகிறார். பாரிமுனைப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் 11 வருடம் வேலை பார்த்தவர். நடுவில் 3 வருடம் வேலையில் இல்லை. பிறகு டெஸ்டிங் கோர்ஸ் முடித்து வருகிறார். எச்ஆர் கொடுத்த வரவேற்பு மெயிலில் பெயரும் பதவியும் தவிர ஒன்றும் இல்லை. அவருடைய அனுபவத்தை மதித்து டீம் சார்பில் நாலு வரி எழுத ஆசை. ஆனால் அவருக்குச் சங்கடமாகிவிடக் கூடாது. எதை எழுதலாம், எதை விடலாம்?

பதில்: எச்ஆர் டெம்ப்ளேட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, வியாழக்கிழமைக்குள் அவருக்கு ஒரு போன் போடுங்கள். பத்து நிமிடம் போதும். மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பழைய ஆபீஸில் எந்தச் சிக்கல் வந்தால் மற்றவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்? எங்களைப் போன்றவர்கள் செய்த சாஃப்ட்வேரில் எந்த இடம் உங்களுக்கு எரிச்சல் மூட்டியது? உங்களைப் பற்றி டீமுக்கு எதைச் சொல்ல வேண்டாம்?

மூன்றாவது கேள்வியை இதே வடிவில்தான் கேட்க வேண்டும். 'உங்கள் பின்னணியைச் சொல்லலாமா?' என்று கேட்டால் வேலையில் சேரப்போகிற யாரும் மறுக்க மாட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் நெளிவார்கள். 'எதை விடட்டும்?' என்று கேட்டால்தான் பதில் வரும். பேசி முடித்ததும் நீங்கள் எழுதியதை அவருக்கே அனுப்பி, வெட்டச் சொல்லுங்கள். அவர் வெட்டியதைப் பற்றி ஏன் என்று கேட்க வேண்டாம்.

இத்தனைக்கும் எதற்கு போன், ரெஸ்யூம்தான் கையில் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். இங்கேதான் பலர் விழுகிறார்கள். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அவர் எழுதிய ரெஸ்யூம் அல்ல. ஆள் பிடித்துக் கொடுத்த கன்சல்டன்சி தன் கமிஷனுக்காக மெருகேற்றிய தாள். தரகர் கொண்டுவரும் ஜாதகம் மாதிரி அது. ஆறு மாத கோர்ஸ் 'டெஸ்டிங் அனுபவம்' ஆகியிருக்கும், கிளியரிங் எக்ஸிகியூட்டிவ் 'டொமைன் எக்ஸ்பர்ட்' ஆகியிருப்பார். அப்படி மாற்றியது சில சமயம் சேருகிறவருக்கே தெரியாது. அதைப் பார்த்து நீங்கள் 'ஆட்டோமேஷன் டெஸ்டிங்கில் அனுபவம் மிக்கவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டால், செவ்வாய்க்கிழமை காலை யாராவது ஒரு ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைப்பார்கள். உண்மையைச் சொன்னால் அவர் பொய் சொன்னவர் போல் ஆகிவிடும். பின்னணிச் சரிபார்ப்பு இதையெல்லாம் பிடித்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். அந்த அறிக்கை ஆள் சேர்ந்து பல நாள் கழித்து வருவது இங்கே சர்வ சாதாரணம். வந்தாலும் தேதியையும் பதவியையும் சரிபார்த்திருப்பார்களே தவிர, என்ன வேலை தெரியும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே செய்தியில் வருகிற ஒவ்வொரு தகவலும் அவர் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும்.

அடுத்தது, எதைப் பாராட்டுவது. '11 ஆண்டு பரந்த அனுபவம் கொண்டவர்' என்பது பாராட்டு அல்ல, வயதைச் சொல்வது. டீமில் இருக்கிற ஒன்பது பேருக்கும் தெரியாத, ஆனால் தினமும் அவர்கள் கைபடுகிற ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒன்றே ஒன்றை எடுங்கள்.

உங்கள் தொழிலில் அதற்குப் பஞ்சமே இல்லை. கப்பலில் வரும் இறக்குமதிச் சரக்குக்கு, கஸ்டம்ஸிடம் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி என்ற படிவத்தை, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட வேண்டும் என்பது பொது விதி. தாமதமானால் முதல் 3 நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். உங்கள் திரையில் 'வருகைத் தேதி' என்பது ஒரு சின்னக் கட்டம். கிளியரிங் ஆபீஸில் இருந்தவருக்கு அது பணம். இன்னொன்று: மாதவரத்திலோ மணலியிலோ ஒரு சிஎஃப்எஸ்ஸில், அதாவது துறைமுகத்துக்கு வெளியே உள்ள சரக்கு நிலையத்தில், கன்டெய்னர் நிற்கிறது என்றால், இடத்துக்கு கிரவுண்ட் ரென்ட் ஒரு பக்கம் ஓடும், பெட்டியைத் திருப்பித் தரத் தாமதமானால் ஷிப்பிங் லைன் கேட்கும் டிடென்ஷன் இன்னொரு பக்கம் ஓடும். இலவச நாட்கள் வேறு, கணக்குத் தொடங்கும் நாள் வேறு, பில் தருகிறவரும் வேறு. இரண்டையும் 'தாமதக் கட்டணம்' என்று ஒரே கட்டத்தில் அடைக்கிற சாஃப்ட்வேரைப் பார்த்து அந்த ஆபீஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவர் இதைச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. சொன்னால், உங்கள் வரி தயார். அவர் வேறு எதையாவது சொன்னால் அதை எழுதுங்கள். நான் சொன்னதை அவர் வாயில் திணிக்க வேண்டாம்.

பழைய ஆபீஸின் பெயரைப் போடலாமா? அவருக்குச் சம்மதம் என்றால் தாராளமாகப் போடலாம். இதில் ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த ஆபீஸ் உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளராகவோ, வாடிக்கையாளரின் போட்டியாளராகவோ இருந்தால் பெயர் கூடாது. சரக்குத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 'இன்னாரிடம் 11 வருடம் இருந்தவர் இப்போது நம்மிடம்' என்று நீங்கள் எழுதியது, உங்கள் வாடிக்கையாளரின் கண்ணுக்கு ஆள் தூக்கியது போலத் தெரியும். உங்கள் டீமிலேயே யாராவது 'அவர்கள் என்ன ரேட் போடுகிறார்கள்?' என்று அவரிடம் சாதாரணமாகக் கேட்டுவிடுவார்கள். அவர் பழைய இடத்தில் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், முதல் வாரமே தர்மசங்கடம். ஆபீஸின் பெயரை விட்டாலும் அது கையாண்ட இறக்குமதியாளர்களின் பெயரைச் சொல்லிவிட்டால் பயனில்லை. அந்தப் பெயர்களை வைத்தே ஆபீஸைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வாடிக்கையாளரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சேல்ஸ் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சந்தேகம் என்றால் 'ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில்' என்று எழுதினாலே போதும். தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

அந்த 3 வருட இடைவெளியை எழுத வேண்டாம். 'குடும்பத்துக்காகத் தியாகம் செய்து மீண்டு வந்தவர்' என்று உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கிற ஒவ்வொருவரும் காரணத்தைத் தோண்டத் தொடங்குவார்கள். சொந்த ஊரையும் விடுங்கள். நம் ஊரில் 'எந்த ஊர்?' என்பதற்கு அடுத்து என்ன கேள்வி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படி எழுதலாம்:

"இன்று நம் டீமில் டெஸ்டராகச் சேரும் ______ அவர்களை வரவேற்கிறோம். துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுக்கும் வேலையை 11 ஆண்டுகள் நேரில் பார்த்தவர். கிரவுண்ட் ரென்ட்டும் டிடென்ஷனும் ஏன் ஒரே கட்டத்தில் வரக் கூடாது என்பதை நாம் வாடிக்கையாளர் திட்டிய பிறகுதான் கற்றுக்கொண்டோம். அவர் அந்த வாடிக்கையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். முதல் இரண்டு வாரம் நம் பில்லிங் பகுதியைப் பழகுவார். அவருடைய சந்தேகங்களுக்கு டெஸ்டிங் பக்கம் ஒருவர் கூடவே இருப்பார். மதியம் 1 மணிக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்."

நடுவில் உள்ள வரி உங்கள் டீமுக்கு உண்மையாகப் பொருந்தினால் மட்டும் வையுங்கள். கடைசி மூன்று வாக்கியங்களையும் வெட்ட வேண்டாம். அவருடைய பழைய வேலையை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால், மறுநாள் முதல் அவர் டெஸ்டர் இல்லை. கஸ்டம்ஸ் சந்தேகம் தீர்க்கும் இலவச ஹெல்ப் டெஸ்க். ஆண்டு இறுதியில் மதிப்பெண் போடும்போது மட்டும் 'எத்தனை டெஸ்ட் கேஸ் முடித்தீர்கள்?' என்று கேட்பார்கள். அந்தப் படிவத்தில் துறை அறிவுக்கு இடமே இருக்காது. டொமைன் கேள்விகளுக்கு அவர் நேரம் வேண்டும் என்றால், வாரத்துக்கு இத்தனை மணி என்று மேனேஜரிடம் பேசி அவருடைய இலக்குப் படிவத்தில் ஏற்றிவிட்டுக் கேளுங்கள்.

அனுப்பும் நேரம் ஒரு பெரிய கூத்து. எச்ஆர் போர்ட்டலின் தானியங்கி மெயில் காலை 9 மணிக்கு ஆபீஸ் முழுவதற்கும் போய்விடும். புதியவரின் மெயில் ஐடி மதியமோ மறுநாளோதான் திறக்கும். ஊரே வாழ்த்தியிருக்கும், வாழ்த்தப்பட்டவர் பார்த்திருக்க மாட்டார். லேப்டாப் கொடுத்து டீம் குரூப்பில் சேர்த்த பிறகு, அவரை ஒரு வணக்கம் போடச் சொல்லுங்கள். அது வந்தால் எல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தம்; அப்போது உங்கள் செய்தியைப் போடுங்கள். அன்று திறக்கவே இல்லை என்றால் சாப்பிடும் இடத்தில் வாசித்துவிடுங்கள்.

பதில் போடுவதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஒன்பது பேரும் கைகூப்பும் பொம்மை போடுவதில் பயனில்லை. இரண்டு பேர் தங்கள் பெயரையும், எந்தப் பகுதியைப் பார்க்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதட்டும். முதல் நாள் அவரிடம் கேள்வி எதுவும் வேண்டாம்.

லிங்க்ட்இனில் போட ஆசைப்படுகிறவர் யாராவது இருப்பார், கன்சல்டன்சியும் 'எங்கள் மூலம் சேர்ந்தவர்' என்று போட்டோ கேட்கும். இரண்டையும் மறுத்துவிடுங்கள்; அவர் தானே போட விரும்பினால் அது அவர் பாடு. புதிதாகச் சேர்ந்தவரின் பெயரும் மேனேஜர் பெயரும் ஒரே இடத்தில் கிடைத்தால் மோசடிக்காரர்களுக்கு அதுவே போதும். 'நான் உங்கள் எம்.டி., மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்புங்கள்' என்று வாட்ஸ்அப் வரும். எம்.டி.யின் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாத முதல் வாரத்தில்தான் ஆள் ஏமாறுவார். அப்படி எது வந்தாலும் உங்களுக்கு போன் செய்து கேட்டுக்கொள்ளச் சொல்லி முதல் நாளே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிய வேண்டும்.