டிக்கெட்டைத் தமிழில் எழுதினாலும் தேடும்போது கிடைக்க வேண்டும்

கேள்வி: சேர், வெள்ளவத்தையில் ஒரு சின்ன பில்லிங் மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். ஜிராவில் எங்கள் ஆட்கள் பாதித் தமிழ், பாதி இங்கிலிஷ் என்று கலந்து எழுதுகிறார்கள். போன வருஷம் தீர்த்த பிரச்சினையைத் தேடினால் கிடைப்பதில்லை. இனி எல்லாரும் இங்கிலிஷில்தான் எழுத வேண்டும் என்று மனேஜர் சொல்கிறார். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. மனேஜர் சொல்வதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். புறக்கோட்டைக் கடைக்காரர் போனில் தமிழில் சொன்னதை, கேட்ட பிள்ளை இரண்டு இங்கிலிஷ் சொல்லில் எழுதிவிட்டு, மீதியை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடும். குரல் பதிவை ஜிராவில் தேட முடியாது. தமிழ் இருக்கட்டும். உங்கள் தேடலைக் கெடுப்பது தமிழ் இல்லை, தமிழை இங்கிலிஷ் சொல்லோடு ஒட்டி எழுதுவது.

எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: `invoiceல`, `serverக்கு`, `VATஐ`. தேடும் இயந்திரம் இடைவெளியையும் குறியையும் பார்த்துத்தான் சொல்லைப் பிரிக்கும். இங்கிலிஷ் எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்து வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் `invoice` என்று தேடினால் `invoiceல` வராது, ஏனென்றால் அதற்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். உங்கள் ஜிராவில் அப்படித்தானா என்று இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். சோதனைக்கு ஒரு டிக்கெட் திறந்து `invoiceல` என்று மட்டும் எழுதிச் சேமித்துவிட்டு, `invoice` என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால், இங்கிலிஷ் சொல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி விடச் சொல்லி எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். `invoice இல்` என்று எழுதுவது கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும், பரவாயில்லை.

தமிழ்ச் சொற்களிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கிலிஷில் `print` என்று தேடினால் `printing`, `printed` எல்லாம் ஜிரா கொண்டுவந்து தரும். தமிழுக்கு அந்த உதவி இல்லை. இத்தனை வருஷமாகியும் இல்லை என்பது எனக்குக் கோபம் வரும் விஷயம்தான், ஆனால் அதற்காக நீங்கள் காத்திருக்க முடியாது. ரசீது, ரசீதை, ரசீதில் மூன்றும் அதற்கு மூன்று சொற்கள். `ரசீது*` என்று போட்டாலும் ரசீதில் வராது, கடைசி உகரம் அங்கே மாறிவிடுகிறது. ஜிராவின் JQL தேடல் பெட்டியில், சொல்லின் மாறாத இடம் வரை எழுதி நட்சத்திரக் குறி போடுங்கள்:

```
text ~ "ரசீத*"
```

அதேபோல பணம் என்பதற்கு `பண*`. தலைப்பு, விவரம், கருத்து எல்லாவற்றிலும் `text` தேடும். தலைப்பில் மட்டும் தேட `summary` என்று போடுங்கள்.

இனி எழுதும் முறைக்கு வருவோம். உங்கள் துறையிலிருந்தே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் VAT 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. டிசம்பரில் போட்ட பில்லின் பொருளை ஜனவரியில் கடைக்காரர் திருப்பி எடுக்கும்போது, மென்பொருள் பழைய வீதத்தை விட்டுப் புது வீதத்தில் கணக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள்:

```
வற் பிழை அவசரம்
vat kooda varuthu
returnல கணக்கு பிழை
```

அடுத்த முறை யாராவது `VAT return` என்று தேடினால் மூன்றில் ஒன்றும் வராது. நம் பத்திரிகைகள் வற் என்று எழுதும், சென்னையில் வாட் என்பார்கள், இங்கே பில் என்பவரும் பற்றுச்சீட்டு என்பவரும் ஒரே அறையில் இருப்பார்கள். இவர்களைத் திருத்தப் போகாதீர்கள். தலைப்பின் முதல் பாதியில் மட்டும் ஒழுங்கு கேளுங்கள்: திரையில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயர், அதே எழுத்தில், அதன் பிறகு என்ன நடந்தது என்று சுருக்கமாக. மற்றப் பாதி அவரவர் தமிழில் இருக்கட்டும். விவரத்தின் முதல் வரியில் மற்ற எழுத்துக்கூட்டல்களைக் கொட்டிவிடுங்கள்.

```
Sales Return: VAT 18% on old 15% bill / பழைய பில் திருப்பினால் வற் கூடுது

தேடல்: VAT வற் வாட் return ரிட்டர்ன் பில் ரசீது பற்றுச்சீட்டு
```

பார்க்க அழகில்லைதான். ஆனால் யார் எந்தச் சொல்லில் தேடினாலும் இந்த டிக்கெட் வரும். தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதுவதை மட்டும் தலைப்பில் அனுமதிக்காதீர்கள். வரவில்லை என்பதை `varala`, `varla`, `varavillai`, `varella` என்று எழுதினால் எதைப் போட்டுத் தேடுவது?

கருத்துகளில் அவ்வளவு கெடுபிடி வேண்டாம், தமிழில் தாராளமாகப் பேசட்டும். ஆனால் காரணம் தெரிந்த அன்று ஒருவர் ஒரே வரியில் அதை எழுத வேண்டும். "நேற்றுச் சொன்ன மாதிரி செய்துட்டேன்" என்ற கருத்து அடுத்த வருஷம் யாருக்கும் உதவாது. "காரணம்: return போடும்போது `bill_date` பார்க்காமல் இன்றைய வீதத்தை எடுக்கிறது" என்று எழுதினால் உதவும். பிழைச் செய்தியைப் படமாக மட்டும் போடுவதையும் நிறுத்துங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பார்க்காது. செய்தியை எழுத்தாகவும் ஒட்டச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கை விரிவாகவே சொல்ல வேண்டும், கொழும்பில் இது அடிக்கடி வரும். சில டிக்கெட்டில் தமிழ் எழுத்தே பிரச்சினையாக இருக்கும்: பில்லில் கடையின் பெயர் கட்டம் கட்டமாக வருவது, பெயரைத் தேடினால் வாடிக்கையாளர் பட்டியலில் கிடைக்காமல் போவது. அப்போது அந்தப் பெயரை நீங்கள் திரும்பத் தட்டச்சு செய்யக்கூடாது, இருந்த இடத்திலிருந்து அப்படியே பிரதி எடுத்து ஒட்டுங்கள். ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம்: ஒற்றை ஒகரக் குறியாகவோ, எகரக் குறியும் காலும் தனித்தனியாகவோ. திரும்பத் தட்டினால் அந்த வேறுபாடு அழிந்துவிடும், பிழையும் அதோடு மறைந்துவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பிலிருந்து வந்த பெயரென்றால் ஜிராவில் அது இப்படித் தெரியும்:

```
jkpo;
```

இது 'தமிழ்' என்ற சொல். இதை அழிக்காமல் விட்டு, பக்கத்தில் யூனிகோடில் சரியான சொல்லையும் எழுதுங்கள். இரண்டும் இருந்தால்தான் பிழையைப் பார்ப்பவருக்கும் புரியும், பிறகு தேடுபவருக்கும் கிடைக்கும். மற்ற எந்த டிக்கெட்டிலும் பாமினி எழுத்தை அப்படியே ஒட்ட விடாதீர்கள், மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொன்று. "தமிழ்த் தேடல்" என்று ஒரு செருகியை மாதச் சந்தாவுக்கு விற்க ஆட்கள் வருவார்கள். காசு கொடுக்கும் முன் அவர்கள் முன்னாலேயே `ரசீதில்`, `VATஐ`, `varella` என்று மூன்று சோதனை டிக்கெட் போட்டு, `ரசீது`, `VAT`, `வரவில்லை` என்று தேடிக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒன்று, இங்கிலிஷ் எழுத்தைத் தமிழாக மாற்றியது, அவ்வளவுதான். அதற்குக் கட்டணம் டொலரில் கேட்டார்கள்.

பழைய டிக்கெட்டுகளை எல்லாம் உட்கார்ந்து திருத்த வேண்டாம். ஏதோ வேலையாக ஒன்றைத் திறந்தால், மூடும் முன் அந்தத் 'தேடல்:' வரியை மட்டும் சேர்த்துவிடுங்கள்.