நேராக ஓடினேன், மேப்பில் ஏன் கோணல்? ஸ்போர்ட்ஸ் வாட்ச் ஜிபிஎஸ் கேள்வி பதில்

பிழைப்புக்கு நில அளவை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டம். இரண்டிலும் ஜிபிஎஸ்ஸோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என்னைப் பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறார்கள். கேளுங்கள்.

கார்த்திக்: சார், பாரிமுனை தம்பு செட்டித் தெருவுல வடக்கே நேரா ஓடினேன். மேப்புல பார்த்தா கட்டடத்துக்குள்ள புகுந்து புகுந்து போயிருக்கேன். வாட்ச் பழுதா?

பழுதில்லை. அந்தத் தெரு வடக்கு தெற்காகப் போகிறது. இரண்டு பக்கமும் நெருக்கமாக மாடிக் கட்டடங்கள். கிழக்கு வானில் சற்றுத் தாழ்வாக ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது என்று வையுங்கள். அதன் சிக்னலைக் கிழக்குக் கட்டடம் மறைத்துவிடும். ஆனால் அதே சிக்னல் உங்கள் தலைக்கு மேலாகப் போய், மேற்குச் சுவரில் மோதித் திரும்பி வாட்ச்சுக்கு வரும். இப்படிச் சுற்றி வந்ததில் 20 மீட்டர் கூடுதல் என்றால், அந்தக் கோள் 20 மீட்டர் தள்ளி இருப்பதாக வாட்ச் நம்பும். கிழக்கே இருப்பதிலிருந்து தள்ளிப் போனால் எங்கே போவீர்கள்? மேற்குக் கட்டடத்துக்குள். எங்கள் தொழிலில் இதற்கு மல்டிபாத் என்று பெயர்.

உங்கள் மேப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். குறுக்குத் தெரு வரும் இடங்களில் கோடு ரோட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அங்கே பக்கவாட்டு வானம் திறக்கிறது, நேர் சிக்னல் கிடைக்கிறது. அடுத்த கட்டட வரிசை தொடங்கியதும் மறுபடி நழுவும். நீங்கள் பார்க்கும் ரம்பப் பல் இப்படி வருவதுதான். இன்னொன்றும் தெரியும்: கோடு பக்கவாட்டில்தான் அதிகம் ஆடியிருக்கும். தெருவின் இரு முனைப் பக்கமும் வானம் தெரிவதால், முன்னும் பின்னும் அவ்வளவு பிழை வராது.

முருகேசன்: வாட்ச் சிக்னல் அனுப்பி, அது சாட்டிலைட்டுல பட்டு திரும்பி வர்ற நேரத்தை வச்சுத்தானே கணக்கு? அதுக்கு மூணு சாட்டிலைட் போதும். நாலு வேணும்னு ஏன் சொல்றாங்க?

நேரத்தை வைத்துத்தான் தூரம் என்பது சரி. ஆனால் வாட்ச் எதையும் அனுப்புவதில்லை, ரேடியோ மாதிரி கேட்க மட்டும் செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு கோளும் "நான் இன்னார், இப்போது மணி இது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் தரைக்கு வர ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும்.

சிக்கல் கடிகாரத்தில். மேலே இருப்பது அணுக் கடிகாரம், உங்கள் கையில் இருப்பது மலிவான குவார்ட்ஸ். ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் 300 மீட்டர் போச்சு. ஆனால் இந்தப் பிசகு எல்லாக் கோள்களின் தூரத்திலும் ஒரே அளவாக வரும். அதனால் அதையும் தெரியாத ஓர் எண்ணாக வைத்து, நாலாவது கோளைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். இடத்துக்கு மூன்று, மணிக்கு ஒன்று.

ஷாலினி: அண்ணா, மெரினாவில் கோடு அழகாக இருந்தது. ஆனால் 10 கிலோமீட்டர் ரேஸில் 10.17 காட்டியது. கார்த்திக் மேப் கோணலாக இருந்தும் அவருக்குத் தூரம் சரியாகத்தான் வந்ததாம். எப்படி?

நல்ல கேள்வி. பெரிய கோணலைவிடச் சின்ன நடுக்கம்தான் தூரத்தைக் கெடுக்கும். நீங்கள் வினாடிக்கு 3 மீட்டர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். ஒரு நிமிடத்தில் 180 மீட்டர். அதற்குள் கோடு மெல்ல மெல்ல 10 மீட்டர் பக்கவாட்டில் விலகினால், சாய்ந்த கோட்டின் நீளம் 180.3 மீட்டர்தான். கண்ணுக்கு அசிங்கம், கணக்கில் ஒன்றுமில்லை. மாறாக, ஒவ்வொரு வினாடியும் புள்ளி இடம் வலமாக 2 மீட்டர் தாண்டினால், 3 மீட்டர் 3.6 மீட்டர் ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்! மேப்பிலோ கோடு கொஞ்சம் தடித்த மாதிரிதான் தெரியும். நிஜத்தில் வாட்ச் இந்த நடுக்கத்தை வடிகட்டி மழுக்கிவிடுகிறது, ஆனால் மிச்சம் இருக்கும். அதே வடிகட்டல் கூர்மையான திருப்பங்களை வெட்டித் தூரத்தைக் குறைக்கவும் செய்யும்.

உங்கள் 10.17 முழுவதையும் வாட்ச் தலையில் கட்டாதீர்கள். முறையாக அளந்த பாதையென்றால், சைக்கிள் சக்கரத்தில் மீட்டர் மாட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியாக அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். கூட்டத்தில் வளைந்து முந்திப் போகும் நாம் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதே இல்லை.

நசீர்: எனக்கு நீச்சல் குளத்துல மேப்பே வர மாட்டேங்குது. அதுவும் கட்டடத்தாலயா?

இல்லை பாய், குளத்தில் ஜிபிஎஸ்ஸே ஓடாது. தண்ணீருக்குள் அந்தச் சிக்னல் இறங்காது. கை அசைவை வைத்து எத்தனை முறை திரும்பினீர்கள் என்று எண்ணி, நீங்கள் கொடுத்த குளத்தின் நீளத்தால் பெருக்குகிறது.

பிரவீன்: போன்ல கார் ஓட்டும்போது புள்ளி ரோட்டை விட்டு நகராதே. வாட்ச் மட்டும் ஏன்?

போனில் வழிகாட்டும் ஆப், "இவன் காரில் போகிறான், ரோட்டில்தான் இருப்பான்" என்று புள்ளியை இழுத்து ரோட்டில் ஒட்ட வைக்கிறது. வாட்ச் அப்படிச் செய்தால் பூங்காவிலும் மணலிலும் ஓடுகிறவன் கதி? அழகான பொய்யைவிட கோணலான உண்மையே எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு வகைக் கோணல் இருக்கிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சில வாட்ச்கள் எல்லா வினாடியும் புள்ளி வைக்காது. வாட்ச் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் GPX கோப்பைத் திறந்து நேரத்தைப் பாருங்கள்:

```
<time>2024-01-07T00:41:07Z</time>
<time>2024-01-07T00:41:13Z</time>
```

நடுவில் 6 வினாடி இடைவெளி, அதாவது 18 மீட்டர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறது. முனை திரும்பும்போது மூலை வெட்டுப்படும். அமைப்புகளில் ஒவ்வொரு வினாடியும் பதிவு என்று மாற்றினால் இது போய்விடும்.

ஷாலினி: டூயல் பேண்ட் வாட்ச் வாங்கினால் தெருக்களில் சரியாகிவிடுமா?

நன்றாகவே குறையும். டூயல் பேண்ட் வாட்ச் L1, L5 என்ற இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும். பழைய L1 சிக்னலின் ஒரு துடிப்பு காற்றில் சுமார் 293 மீட்டர் நீளம். L5இல் அது 29 மீட்டர்தான். நேர் சிக்னலும் 40 மீட்டர் சுற்றி வந்த எதிரொலியும் L1இல் ஒன்றோடொன்று குழம்பும், L5இல் தனித்தனியாகத் தெரியும். எதிரொலியைத் தள்ளிவிடலாம். ஆனால் நேர் சிக்னல் சுவரால் முழுக்க மறைந்து எதிரொலி மட்டும் வந்தால், எந்த வாட்ச்சும் ஏமாறும். பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். மெரினாவில் மட்டும் ஓடுகிறவர் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

முருகேசன்: எனக்கு முதல் அரை கிலோமீட்டர் மட்டும் கண்டபடி போகும். அப்புறம் ஒழுங்காகிடும்.

சிக்னல் கிடைத்தது என்று வாட்ச்சில் பச்சை வந்ததும் பாய்கிறீர்கள், அல்லவா? அப்போது குறைந்தபட்சக் கோள்கள்தான் கிடைத்திருக்கும். ஒவ்வொரு கோளும் தன் பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒரு முறை சொல்கிறது. இடையில் மறைப்பு வந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன் போனோடு இணைத்தால் இந்த விவரம் முன்கூட்டியே வாட்ச்சில் இறங்கிவிடும். பிறகு வாசலில் சுவரோரம் நிற்காமல், வெட்டவெளியில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கார்த்திக்: சார், எல்லாம் சரி. அதே மாடல் வாட்ச், பக்கத்துலயே ஓடின நண்பனுக்கு ஏன் கோடு நேரா வந்துச்சு?

அவர் எந்தக் கையில் கட்டியிருந்தார், உங்களுக்கு எந்தப் பக்கம் ஓடினார்? உடம்பும் சிக்னலை மறைக்கும், சுவரிலிருந்து மூன்றடி தள்ளினாலும் எதிரொலி மாறும். அதனால்தான் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் GPX கோப்பையும் அனுப்புங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.