கிளைசினின் மின்சுமை pH 7-ல் எவ்வளவு? 5.97 எப்படி வருகிறது?

கேள்வி: கிளைசினின் pKa மதிப்புகள் 2.34, 9.60 என்று கொடுத்து சமமின் புள்ளியைக் கேட்டிருந்தார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 5.97 என்று எழுதினேன், மதிப்பெண் கிடைத்தது. அடுத்து pH 7-ல் மின்சுமை என்ன என்று கேட்டிருந்தார்கள். 7 என்பது 5.97-க்கு மேல் இருப்பதால் −1 என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். ஏன் தவறு? சராசரி ஏன் எடுக்கிறோம் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பதில்: pH 7-ல் கிளைசினின் நிகர மின்சுமை சுமார் −0.0025. கிட்டத்தட்ட சுழி என்றே சொல்லலாம். சமமின் புள்ளி என்பது நிகர மின்சுமை சுழியாகும் pH. அதைத் தாண்டியதும் மின்சுமையின் குறிதான் மாறுகிறது. அளவு உடனே −1 ஆகிவிடாது. அந்த அளவைத் தீர்மானிப்பவை pKa மதிப்புகள். உங்கள் விடையில் குறி சரி, அளவுதான் தவறு.

கிளைசினில் புரோட்டானை விடக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று கார்பாக்சில் தொகுதி. புரோட்டானோடு இருக்கும்போது அதற்கு மின்சுமை இல்லை, விட்டுவிட்டால் −1. மற்றது அமினோ தொகுதி. புரோட்டானோடு இருக்கும்போது +1, விட்டுவிட்டால் சுழி. pH கூடக்கூட கார்பாக்சில் முதலில் விடுகிறது, அமினோ வெகு தாமதமாக விடுகிறது. ஆகவே கிளைசினுக்கு மூன்று வடிவங்கள்: நேர் அயனி (+1), இருமுனை அயனி (நிகர மின்சுமை 0), எதிர் அயனி (−1).

pKa என்பது அந்தத் தொகுதியின் மூலக்கூறுகளில் சரிபாதி புரோட்டானை விட்டிருக்கும் pH. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. pH 2.34-ல் பாதி நேர் அயனி, பாதி இருமுனை அயனி. சராசரி மின்சுமை +0.5. pH 9.60-ல் பாதி இருமுனை அயனி, பாதி எதிர் அயனி, −0.5. மற்ற pH-களுக்கு ஒரே சூத்திரம் போதும்:

```
புரோட்டானை விட்ட பங்கு = 1 / (1 + 10^(pKa − pH))
```

இதை pH 7-க்குப் போட்டுப் பார்ப்போம். கார்பாக்சிலுக்கு pKa − pH = −4.66. 10-இன் அடுக்கில் அது 0.00002 அளவுதான், எனவே கார்பாக்சில் முழுவதும் விட்டாயிற்று, −1. அமினோவுக்கு pKa − pH = 2.60. 10^2.60 ஏறக்குறைய 400. ஆக நானூறில் ஒரு மூலக்கூறுதான் அமினோ புரோட்டானை விட்டிருக்கிறது. மற்ற 399-ம் +1-ஐ வைத்துக்கொண்டிருக்கின்றன. −1-ஐயும் +0.9975-ஐயும் கூட்டினால் −0.0025. இதே வழியில் pH 3-ல் +0.18, pH 8.6-ல் −0.09, pH 12-ல் −0.996 என்று வரும். இவற்றை வரைபடத்தில் குறித்தால் நடுவில் ஏறத்தாழ pH 4 முதல் 8 வரை கோடு சமதளமாகச் சுழியை ஒட்டியே ஓடும். 5.97 என்பது அந்தச் சமதளத்தின் நடுப்புள்ளி.

ஏன் சரியாக நடுவில்? சமமின் புள்ளியில் எல்லா மூலக்கூறும் இருமுனை அயனியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அங்கேயும் நேர் அயனிகள் கொஞ்சம், எதிர் அயனிகள் கொஞ்சம் உண்டு. இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதால்தான் நிகர மின்சுமை சுழி. கார்பாக்சில், அமினோ தொகுதிகளின் பிரிகை மாறிலிகளை K1, K2 என்றும் சமமின் புள்ளியை pI என்றும் குறித்து, இதைச் சமன்பாட்டில் வைத்து மடக்கை எடுத்தால் சராசரி தானாகவே வந்துவிடும்:

```
K1 = [H+][இருமுனை] / [நேர்]
K2 = [H+][எதிர்] / [இருமுனை]
K1 × K2 = [H+]² × [எதிர்] / [நேர்]
[நேர்] = [எதிர்] எனில்  [H+]² = K1 × K2
pI = (pKa1 + pKa2) / 2 = (2.34 + 9.60) / 2 = 5.97
```

இரண்டு K-களையும் பெருக்கும்போது இருமுனை அயனி அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். அது எவ்வளவு இருந்தாலும் விடை மாறாது. 5.97-ல் பத்தாயிரம் மூலக்கூறில் நேர் அயனி இரண்டு, எதிர் அயனி இரண்டு என்ற அளவில்தான் இருக்கும்.

சில நூல்களில் pKa 2.35, 9.78 என்று இருக்கும். அதை வைத்தால் 6.06 அல்லது 6.07 வரும். இரண்டு விடைகளுமே சரி. எந்த pKa கொடுத்திருக்கிறார்களோ அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எந்த இரண்டு pKa-வை எடுக்க வேண்டும் என்பதை இதே கணக்குதான் சொல்கிறது: நடுநிலை வடிவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு. கிளைசினில் இருப்பதே இரண்டு என்பதால் யோசிக்க வேண்டியதில்லை. அஸ்பார்டிக் அமிலத்தில் 1.88, 3.65, 9.60 என்று மூன்று உண்டு. +1 வடிவம் முதல் புரோட்டானை விட்டதும் நடுநிலை, இரண்டாவதை விட்டதும் −1. எனவே 1.88-ஐயும் 3.65-ஐயும்தான் சராசரி எடுக்க வேண்டும், விடை 2.77. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது நான் விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் பிழை.

ஆய்வகத்தில் ஒரு முறை செய்து பார்த்தால் உங்கள் −1 ஏன் தவறு என்பது கண்ணுக்கே தெரியும். 0.15 கிராம் கிளைசினை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி.யில் கரையுங்கள். இப்போது கிளைசின் 2 மில்லிமோல், அமிலமும் அதே அளவு. பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்துக்கொண்டு, pH மீட்டரைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டே வாருங்கள். 10 மி.லி.யில் முதல் pKa, 20 மி.லி.யில் சமமின் புள்ளி, 30 மி.லி.யில் இரண்டாம் pKa.

10 மி.லி.யில் மீட்டர் 2.34 காட்டாமல் 2.44-ஐ ஒட்டிக் காட்டும். மீட்டர் மீது சந்தேகம் வேண்டாம். அவ்வளவு குறைந்த pH-ல் கரைசலில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவைப் புறக்கணிக்க முடியாது. அதனால் காரம் பாதி சேர்ந்தபோதும் நேர் அயனி பாதிக்குச் சற்றுக் குறைவாகவே மீதி இருக்கிறது. 30 மி.லி.யில் இந்தச் சிக்கல் இல்லை, 9.60-க்கு அருகிலேயே வரும்.

20 மி.லி.யை நெருங்கும்போது சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. அதற்கு ஒரு சொட்டு முன்பு pH 5-க்கு அருகில் இருக்கும், 20-ல் 6, அடுத்த சொட்டு விழுந்ததும் 7. அந்தக் கடைசிச் சொட்டில் இருந்த காரம் 0.005 மில்லிமோல். அது 2 மில்லிமோல் கிளைசினில் நானூறில் ஒரு பங்கின் அமினோ புரோட்டானைத்தான் பிடுங்க முடியும். pH மீட்டர் ஒரு முழு எண் தாண்டியிருக்கிறது. கிளைசினின் மின்சுமையோ சுழியிலிருந்து −0.0025-க்கு வந்திருக்கிறது. −1 ஆக்க வேண்டுமானால் இன்னும் முழுதாக 20 மி.லி. காரம் சேர்க்க வேண்டும்.

சமமின் புள்ளியை இந்த இடத்தில் மீட்டரைப் பார்த்து நேரடியாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். அரைச் சொட்டு கூடினாலோ குறைந்தாலோ எண் வெகுதூரம் ஓடிவிடும். 10 மி.லி., 30 மி.லி. அளவீடுகள் சொட்டுக்கு அசையாதவை. அவற்றின் சராசரியை எடுத்தால் 6.0-ஐ ஒட்டி வரும்.